பொய்யில்லாத அறிக்கை

வங்கிகள் தனியார் கையில் இருந்த காலம் அது. கிளையின் தலைவனுக்கு அப்போது ஏஜெண்ட் என்று பெயர். மாட்டுங்காவில், மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு சின்னக் கிளைக்கு என்னை ஏஜெண்டாகப் போட்டார்கள். வயது முப்பத்து நாலு. என் திறமையைப் பார்த்துப் போட்டார்கள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரருக்குப் பிறந்தவன் நான். தாராவித் தோல் ஷாப்புகளில் வேலை செய்தவர்கள் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஜனங்கள். மாட்டுங்கா ஆபீஸ்காரர்களின் பணம் ஏற்கெனவே பெரிய வங்கிகளில் இருந்தது. தாராவிப் பணம் தகர டப்பாவில் இருந்தது. அதை வெளியே எடுக்க "என்ன அண்ணாச்சி, சொகமா?" என்று கேட்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டான்.

டெபாசிட் சேர்ப்பதுதான் அன்றைக்கு எங்களுக்கு எல்லாம். ஜூன் முப்பதும் டிசம்பர் முப்பத்தொன்றும் அரையாண்டுக் கணக்கு முடிப்பு. அந்த இரண்டு நாளில் கிளையில் எவ்வளவு டெபாசிட் நிற்கிறது என்பதுதான் ஏஜெண்டின் ஜாதகம். நடுவில் என்ன ஆனது, அடுத்த நாள் என்ன ஆகும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஜூன் பிறந்துவிட்டால் கோட்டைப் பகுதியில் இருந்த ஹெட் ஆபீஸிலிருந்து தினமும் நாலு மணிக்கு போன் வரும். நலம் விசாரிப்பு கிடையாது. "ஃபிகர் என்ன?" என்று ஒரே கேள்வி. நல்ல ஃபிகராக இருந்தால் பேசிய அதிகாரி போனை வைத்துவிடுவார். இல்லையென்றாலும் வைத்துவிடுவார், ஆனால் அந்தச் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் செய்ததைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

அந்த வருஷம் ஜனவரியில் கிளைக்கு ஒரு பெண்ணை குமாஸ்தாவாக அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயது, மாட்டுங்காவிலேயே வீடு. அப்பாவுக்குக் கண் பார்வை போய் வேலையை விட்டிருந்தார். பள்ளிக்கூடம் போகும் தம்பிகள் இரண்டு பேர். வீட்டில் சம்பளம் என்று வருவது இவள் கொண்டுபோவதுதான். ஆறு மாதம் தற்காலிகம். ஆறு மாதம் முடியும்போது ஏஜெண்ட் ஒரு ரகசிய அறிக்கை எழுதி, இரண்டு உறையில் போட்டு, அரக்கு வைத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்கள், இல்லாவிட்டால் ஒரு வரிக் கடிதத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று சம்பந்தப்பட்டவருக்குக் காட்டுவது கிடையாது.

டெபாசிட் கவுண்டரில் அவளை உட்கார வைத்தேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். லெட்ஜரில் ஒரு அடித்தல் கிடையாது. ஒன்பதே முக்காலுக்கு வந்துவிடுவாள். குறை சொல்ல ஆசைப்பட்டாலும் முடியாத வேலை. ஆனால் புதிதாகக் கணக்குத் திறக்க யார் வந்தாலும் அவளுக்கு இரண்டு கேள்வி இருந்தது. "இந்தப் பணம் உங்களுக்கு எப்போ வேண்டியிருக்கும்?" இது ஒன்று. "உங்களால வர முடியலேன்னா யார் வந்து வாங்கிப்பா?" இது இரண்டாவது.

கேட்க நல்ல கேள்விகள்தான். ஆனால் ஐந்து வருஷ ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட வந்தவன், அவள் கேட்டதும் தலையைச் சொறிவான். ஆடி கழிந்ததும் தங்கச்சிக்குக் கல்யாணம் என்பான். "அப்போ இதை சேவிங்ஸ்லே போடுங்கோ, நினைச்சா எடுத்துக்கலாம்" என்பாள். ஃபிக்ஸட் ரசீதுக்கு வந்தவன் சேவிங்ஸ் பாஸ்புக்கோடு போவான். எங்களுக்கு வந்த சுற்றறிக்கையில் ஐந்து வருஷ டெபாசிட்டைத்தான் நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு இலக்கு. அவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தேன். அதில் பாதியைக்கூட அவள் தொடவில்லை.

ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னேன். "ஏம்மா, நீ பேங்க் ஆளா, எதிர் பார்ட்டி வக்கீலா?"

அவள் சிரிக்கவில்லை. "கேட்காமப் போட்டா அப்புறம் வந்து உடைக்கறா சார். வட்டியும் குறையறது, நம்மையும் திட்டறா" என்றாள்.

சரியான பதில். அதனாலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

ஜூன் நடுவில் தாராவியில் ஒரு தோல் ஷாப்பை மூடினார்கள். வேலை செய்தவர்களுக்குக் கணக்குத் தீர்த்துப் பணம் கொடுத்தார்கள். மூக்கில் வியர்க்கிற ஜாதி நான், மறுநாள் காலையிலேயே அங்கே போய் நின்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினேன். நாலைந்து பேர் கிளைக்கு வந்தார்கள். அதில் ஒருவர்தான் இந்தக் கதைக்குரியவர். நாற்பது வயதிருக்கும். பன்னிரண்டு வருஷம் தோலை ஊறவைக்கும் தொட்டியில் நின்றவர், கால் விரல்களெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆயிரத்து எண்ணூறு ரூபாயைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

கவுண்டரில் அவள் தன் இரண்டு கேள்வியையும் கேட்டாள். முதல் கேள்விக்கு அவர், பணம் இப்போதைக்கு வேண்டாம், வேறு ஷாப்பில் வேலை கிடைத்தாகிவிட்டது என்றார். இரண்டாவது கேள்விக்கு, "நான் வர முடியலன்னா எம்பொஞ்சாதிதான் வருவா. வேற யாரு இருக்கா?" என்றார்.

"அப்போ ரெண்டு பேர் பேர்லயும் போட்டுடலாம். ரெண்டு பேர்ல யார் வந்தாலும் எடுக்கலாம், ஒருத்தர் இல்லேன்னாலும் இன்னொருத்தருக்கு வரும். அவாளும் வந்து கைநாட்டு வைக்கணும். நாளைக்குக் கூட்டிண்டு வாங்கோ" என்றாள்.

அவர் மனைவி கழிவுத் தோல் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். சாயங்காலம்தான் வருவார். எங்கள் கவுண்டர் இரண்டு மணிக்கு மூடிவிடும். அவர் "செரிம்மா" என்று துண்டை மறுபடி முடிந்துகொண்டு வாசலுக்கு நடந்தார்.

என் அறையின் கண்ணாடி வழியாக அந்தத் துண்டு வெளியே போவதைப் பார்த்தேன். அன்றைக்கு நாலு மணி போனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து ஓடினேன் என்றே சொல்லலாம்.

"என்ன அண்ணாச்சி, வந்தது வந்துட்டு சும்மா போறீய?"

"பொஞ்சாதிய கூட்டியாரச் சொல்லுது அந்தப் புள்ள."

"அதுக்கென்ன, அவுக பேர பெறவு சேத்துக்கிடலாம். இம்புட்டு ரூவாய முடிஞ்சுக்கிட்டு தாராவிக்குத் திரும்பிப் போவாகளா? உள்ள வாங்க. நான் இருக்கம்லா."

நான் இருக்கம்லா. ஊர்ப் பேச்சில் அதைவிடப் பெரிய ஜாமீன் இல்லை. அவர் வந்தார். நானே விண்ணப்பம் எழுதினேன், நானே அவர் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி வைத்தேன். அவர் பெயரில் மட்டும், ஐந்து வருஷம். ரசீதைக் கையில் கொடுத்தபோது அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மனைவியின் பெயரைப் பிறகு சேர்க்க வேண்டும் என்ற ஞாபகம் அவருக்கு இருந்ததோ இல்லையோ, எனக்கு இல்லை. அந்தப் பெண் மட்டும் அடுத்த வாரம் ஒரு தடவை வந்து, "அந்தத் தோல் ஷாப்புக்காரர் சம்சாரம் வரவே இல்லையே சார், சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். முதலில் உன் இலக்கைப் பார் என்றேன்.

ஜூன் இருபத்தாறாம் தேதி அந்த மனைவி வந்தார். ஒல்லியான அம்மாள், வேலையைப் பாதியில் விட்டு நேரே வந்ததால் தோல் வாடை கவுண்டர் வரைக்கும் அடித்தது. கையில் அந்த ரசீது. புருஷனுக்கு வயிற்றில் ஏதோ வெடித்துச் சயான் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருக்கிறார்கள். கட்டில் இலவசம்தான், ஆனால் சில மருந்தை வெளியே வாங்கச் சொல்லியிருந்தார்கள். கடன் வாங்கி இரண்டு நாள் ஓட்டியாகிவிட்டது.

ஃபிக்ஸட் டெபாசிட்டை முன்னதாக உடைக்கலாம். வட்டி குறையும், அவ்வளவுதான். அல்லது அதன்பேரில் கடன் வாங்கலாம். எதற்கும் டெபாசிட்காரர் ரசீதின் பின்னால் கைநாட்டு வைக்க வேண்டும், வங்கி ஆள் கண்ணெதிரே. அவர் வர முடியாத நிலையில் இருந்தால் வங்கி ஆள் மைப்பெட்டியோடு போய் வாங்கி வருவது எல்லாக் கிளையிலும் உள்ள வழக்கம். அந்தப் பெண் ரசீதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"ரெண்டு மணிக்குக் கவுண்டர் மூடினதும் நான் போய்ட்டு வந்துடறேன் சார். சயான்தானே, ஒரு மணி நேரம். நீங்க ஒரு லெட்டர் மட்டும் கொடுங்கோ."

அன்று காலையில்தான் கிளை அரையாண்டு இலக்கைத் தாண்டியிருந்தது. எவ்வளவு தாண்டியது என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. ஆயிரத்து நூறு ரூபாய். இந்த ஆயிரத்து எண்ணூறு வெளியே போனால் நான் மறுபடி கோட்டுக்கு இந்தப் பக்கம். கடன் கொடுத்தால் டெபாசிட் அப்படியே நிற்குமே என்று யாரும் கேட்கலாம். கேட்டாள், அவளே கேட்டாள். ஒருத்தருக்கு ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள், முடிப்பு வேலைக்கு ஆள் கிடையாது, நாலு நாள்தானே என்று சொல்லி வாயை அடைத்தேன். உண்மையான காரணம் வேறு. கடன் விண்ணப்பம் என்று போனால், தனிப் பெயரில் ஏன் போட்டீர்கள் என்று அவள் எழுதி வைத்துவிடுவாளோ என்ற பயம்.

வெளியே வந்து அந்த அம்மாளிடம் நானே சொன்னேன். "அரையாண்டுக் கணக்கு முடிப்பு தாயி. ரூல்ஸு. ஒண்ணாந் தேதி காலைல வாங்க, மொத ஆளா உங்களுக்கு முடிச்சுத் தாரேன்."

"ஒண்ணாந் தேதி கண்டிப்பா கெடைக்குமாய்யா?"

"நான் இருக்கம்லா."

அந்த அம்மாள் வாசல் வரை போனபோது இந்தப் பெண் கவுண்டரை விட்டு எழுந்து பின்னாலேயே போனாள். அவள் சொன்னது என் காதில் விழட்டும் என்றே சொன்னாளோ என்னவோ. "மாமி, ரூல்ஸ் அப்படி இல்லை. தரக்கூடாதுன்னு ஒண்ணும் கிடையாது. சார் ஒண்ணாம் தேதின்னு வெச்சிருக்கார். நீங்க நாளன்னிக்கும் வந்து கேளுங்கோ, விடாதீங்கோ."

அந்த அம்மாள் அப்படியே இருபத்தெட்டாம் தேதியும் வந்தார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கிளையில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். கண்ணாடிக் கதவு அது. உள்ளே நான் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

முப்பதாம் தேதி கிளையின் வெளிக்கதவு மூடியிருக்கும். உள்ளே கணக்கு முடிப்போம். சாயங்காலம் போன் வந்தது. ஃபிகரைச் சொன்னேன். "குட்" என்றார். ஒரு வருஷத்தில் நான் கேட்ட முதல் குட். செம்பூரில் என் வீட்டுக்குப் போகிற வழியில் பெண்டாட்டிக்கு மல்லிகைப் பூ வாங்கினேன். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் வாங்கினேன்.

ஒன்றாம் தேதி காலை கதவு திறந்ததும் முதல் ஆளாக அந்த அம்மாள் வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. கவுண்டரில் நின்று ரசீதைத் திருப்பி, பின்பக்கம் தெரிய வைத்தார். அதில் நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

"நேத்து மத்தியானம் போயிட்டாவ" என்றார். குரலில் அழுகை இல்லை, களைப்புதான் இருந்தது. "கைநாட்டு இல்லாம பேங்குல தரமாட்டாவன்னு எல்லாரும் சொன்னாவ. தூக்குறதுக்கு முந்தி வெரல்ல மை தடவி எடுத்துக்கிட்டோம். நல்லா வுழுந்துருக்கா, பாருங்க."

நன்றாகத்தான் விழுந்திருந்தது. பக்கத்துக் கவுண்டரில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்த காஷியர் நிறுத்திவிட்டார்.

எங்கள் ஜனங்கள்தான் இதைச் செய்வார்கள். ஏமாற்ற நினைத்திருந்தால் செத்துப்போன சேதியை மறைத்திருப்பார்கள். வங்கி கேட்டது ஒரு கைநாட்டு, அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். செத்தவரின் கைநாட்டு செல்லாது என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

டெபாசிட்காரர் இறந்த நிமிஷத்தில் அது வேறு பணம் ஆகிவிடும். இரண்டு பேர் பெயரில் இருந்தால் உயிரோடிருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். தனிப் பெயரில் இருந்தால் வாரிசு யார் என்று சர்ட்டிபிகேட் வேண்டும், ஜாமீன் வேண்டும், ஹெட் ஆபீஸ் உத்தரவு வேண்டும். மாதக் கணக்கில் இழுக்கும். இது எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அவளை அறைக்குக் கூப்பிட்டேன். ரசீதை மேஜைமேல் அவள் பக்கம் நகர்த்தினேன். "இருபத்தெட்டாம் தேதி நீ ஆஸ்பத்திரிக்குப் போனதா வெச்சுக்கோ. சாட்சிக் கையெழுத்துப் போடு, நான் கீழே போட்டுடறேன். இன்னிக்கே பணத்தைக் கொடுத்தனுப்பிடலாம். பாவம்மா அந்த அம்மா."

பாவம் என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் இருபத்தெட்டாம் தேதி ஆள் அனுப்பியதாகக் காகிதத்தில் ஏறிவிட்டால் நான் அனுப்பாதது மறைந்துபோகும் என்பதும் அதற்குள் இருந்தது.

அவள் ரசீதை என் பக்கமே திருப்பி நகர்த்தினாள். கண் கலங்கியிருந்தது. "இருபத்தெட்டாம் தேதி நான் போகலையே சார். போறேன்னு கேட்டேன், நீங்க விடலை" என்றாள். பிறகு, "இவர் அண்ணன் தம்பி யாராவது ஊர்லேர்ந்து வந்து, செத்தவன் கையை எப்படி வாங்கினேள்னு கேட்டா, போலீஸ் மாமியைத்தான் பிடிக்கும். நம்மையெல்லாம் அப்புறம்தான். நான் போட மாட்டேன்" என்றாள்.

"உன் ஆறு மாசம் முடியுது, தெரியும் இல்லையா?"

சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது.

"தெரியும் சார்" என்றாள்.

காஷியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டதால் அவரிடமும் சாட்சி கேட்க முடியாது. அந்தப் பெண் வெளியே போய், அந்த அம்மாளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பணம் இன்றைக்கு வராது. தீபாவளிக்குள் வந்தால் பெரிது. இந்தக் கைநாட்டை யாரிடமும் காட்டக் கூடாது. ஊர் முன்சீப்பிடமிருந்து என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, உரிமை கோரும் விண்ணப்பத்தைத் தானே எழுதினாள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்கு ரெண்டு பேரு பேருல போட்டிருந்தா?"

"இன்னிக்கே வாங்கிண்டு போயிருக்கலாம் மாமி" என்றாள் அவள்.

இதற்கும் பொய் சொல்லமாட்டாளா என்று உள்ளே உட்கார்ந்து பல்லைக் கடித்தேன்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அச்சடித்த படிவம் அது, நம் கையெழுத்தில் மையால் நிரப்ப வேண்டும். நேரம் தவறாமை: நன்று. எழுத்து வேலை: மிக நன்று. டெபாசிட் சேர்த்தல்: கொடுத்த இலக்கில் பாதிக்கும் குறைவு. வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை: டெபாசிட் செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதுண்டு, ஒரு தடவை ஏஜெண்டே தலையிட்டு டெபாசிட்டைக் காப்பாற்ற நேர்ந்தது. மேலதிகாரிக்குக் கீழ்ப்படிதல்: ஏஜெண்டின் முடிவுக்கு மாறாக வாடிக்கையாளரிடம் பேசினார், நேரில் இட்ட உத்தரவை மறுத்தார். சமயத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும் குணம்: குறைவு.

ஒரு வரி பொய் கிடையாது. எந்த வரியை எடுத்து என்னைக் குறுக்கு விசாரணை செய்தாலும் சாட்சி உண்டு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, இவ்வளவு ஒழுங்கான அறிக்கையை நான் எழுதியதில்லை என்றுகூடத் தோன்றியது. படிவத்தில் கடைசியாக நேர்மை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் எழுதுவோம், எதிராக எதுவும் கவனத்துக்கு வரவில்லை என்று. அவளுக்கும் அதையே எழுதினேன். என்னைப்பற்றி எனக்கு மேலே உள்ளவர் எழுதியதும் அதுவாகத்தான் இருக்கும்.

அறிக்கையை அனுப்பாமல் இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் வேறு எழுதினால், இலக்கு ஏன் குறைந்தது என்பதற்கு அவள் கேட்ட இரண்டு கேள்வியையும் எழுத வேண்டும். அதை எழுதினால் தோல் ஷாப்புக்காரரை எழுத வேண்டும். அங்கே என் கட்டைவிரல் வந்து நிற்கும். மூன்றாம் நாள் அரக்கு வைத்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு வரிக் கடிதம் வந்தது. தற்காலிக நியமனம் முடிந்தது, சேவை இனித் தேவையில்லை. நானே அதை அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள்.

"ரிப்போர்ட்லே என்ன சார் எழுதியிருந்தேள்?"

"அது ரகசியம்மா. சொல்லக் கூடாது."

"பொய் ஒண்ணும் எழுதலையே?"

"இல்லை" என்றேன்.

"அப்படின்னா சரி" என்றாள். அவள் என்ன நினைத்து அப்படிச் சொன்னாள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நிம்மதியா, ஏளனமா, இல்லை, உண்மையை எழுதினால் வேலை போகாது என்ற நம்பிக்கையில் வேறு எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தாளா? அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒரு தடவை முணுமுணுத்தாள். சாயங்காலம் வரை உட்கார்ந்து லெட்ஜரை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அம்மாளின் விண்ணப்பக் கட்டின் மேல், இன்னும் வர வேண்டிய காகிதங்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைத்திருந்தாள்.

அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றாக ஊரிலிருந்து வந்தன. ஒவ்வொன்றையும் ஹெட் ஆபீஸ் ஒரு தடவை திருப்பி அனுப்பியது. முன்சீப் முத்திரை மங்கல், இறந்தவரின் தகப்பனார் பெயர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறது, இப்படி. தீபாவளி போய்விட்டது. டிசம்பர் முப்பத்தொன்று வந்தது. செத்துப்போனவரின் ஆயிரத்து எண்ணூறு ரூபாயை யாரும் உடைக்க முடியாது. அது அசையாமல் என் ஃபிகரில் நின்றது. உயிரோடிருந்திருந்தால் அவர் எப்போதோ எடுத்திருப்பார். ஜனவரியில் எனக்குப் பெரிய கிளைக்கு மாற்றல் உத்தரவு வந்தது, சம்பள உயர்வோடு. என்னைப்பற்றிய அறிக்கையில் டெபாசிட் சேர்த்தல் மிக நன்று என்று இருந்ததாக, நாலு மணி போன்காரர் ரகசியமாகச் சொன்னார்.

கிளையை ஒப்படைத்த அன்றைக்கு அந்த அம்மாள் வந்தார். மாதம் ஒரு தடவை வேலைக்கு அரை நாள் லீவு போட்டு வருவார். வரும்போதெல்லாம் டெபாசிட் கவுண்டரில் புதிதாக உட்கார்ந்திருந்த ஆளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் வெளியே வருவதில்லை. அன்றைக்கு வாசலில் மாட்டிக்கொண்டேன்.

"இன்னும் வரலியாய்யா?"

"அடுத்த மாசம் வந்துரும் தாயி."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நம்பவில்லை. கோபமும் இல்லை. பேசிப் பயனில்லாத ஆளிடம் வழி கேட்பது மாதிரிதான் கேட்டார்.

"அந்தப் புள்ள எங்கய்யா? வரும்போதெல்லாம் பாக்கேன், காணல. அது இருந்தா வரும் வராதுன்னு உள்ளத சொல்லிப்புடும்."

பெரிய கிளைக்கு எடுத்துப் போக வேண்டிய பெட்டி என் கையில் இருந்தது. அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

"அதுக்குக் கல்யாணம் ஆயிட்டு தாயி" என்றேன். "வேலைய விட்டுட்டுப் போயிட்டு."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தாராவிப் பக்கம் நடந்தார்.